உஷார்! 92 மார்க்கைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்

கேன்டீன் ஆய்வு அறிக்கை வந்திருக்கிறதா? பத்துப் பக்கம் படிக்க மேலதிகாரிக்கு நேரமில்லை, ஒரே தாளில் சுருக்கிக் கொடு என்று சொல்லியிருக்கிறார்களா? அந்த ஒரு தாளை எழுதப்போகிறவர் நீங்களா?

கொஞ்சம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஆய்வுக்கு வந்தவர் சரியாகப் பார்த்திருப்பார், சரியாக எழுதியும் இருப்பார். ஆபத்து பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் உள்ளே நுழைகிறது. அறிக்கையைச் சுருக்கும் மேஜையில். அங்கே காணாமல் போகும் ஒரு வரி, மறுநாள் காலை முந்நூறு தட்டில் விழும்.

செங்கோட்டை வட்டாரத்தில் ஒரு விடுதி. பெயர் வேண்டாம். வேலைக்கு வந்த பிள்ளைகளும் படிக்கிற பிள்ளைகளும் தங்கும் இடம். ஜூன் முதல் வாரம், சாரல் தொடங்கியிருந்த நேரம். வெளியிலிருந்து அழைத்த தணிக்கையாளர் ஒருவர் இரவு எட்டரை மணிக்குச் சமையலறைக்குள் போய்ப் பார்த்தார். பதினோரு பக்க அறிக்கை கொடுத்தார். குறைகள் 23. மதிப்பெண் 114க்கு 92.

அலுவலகத்தில் அதைச் சுருக்கிய தம்பி நல்ல பையன், வேலையில் சுத்தம். அவர் எழுதியது இவ்வளவுதான்: "மொத்தக் குறைகள் 23. மதிப்பெண் 92, திருப்திகரம். பெரும்பாலானவை பராமரிப்பு சார்ந்தவை. அனைத்தும் 30 நாளில் சரிசெய்யப்படும்." கட்டட, கேன்டீன் நிர்வாகத்தைப் பார்க்கும் தலைவர் 'திருப்திகரம்' என்ற சொல்லைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அடுத்த கோப்புக்குப் போய்விட்டார். யார்தான் போகமாட்டார்கள்?

ஏழாம் பக்கத்தில் தணிக்கையாளர் எழுதியிருந்த வரி வேறு. "மதியம் வடித்த சோறு, சுமார் 15 கிலோ, மூடிய அண்டாவில் மேடை மேல். இரவு 8.40க்கு நடுப்பகுதி வெப்பம் 41 டிகிரி. காலை எலுமிச்சைச் சாதத்துக்கு என்று சமையல்காரர் கூறினார்."

சுருக்கத்தில் இந்த வரி என்ன ஆனது தெரியுமா? இணைப்புப் பட்டியலில் பதினான்காம் இடத்தில், "உணவு சேமிப்பு வெப்பநிலை மேம்படுத்தப்பட வேண்டும்" என்று ஆனது.

பாருங்கள், என்னென்ன போயிற்று என்று. எந்த உணவு என்பது போயிற்று. எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்பது போயிற்று. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அது மறுநாள் காலை பிள்ளைகளுக்குப் பரிமாறப்படும் என்பது, சுத்தமாகப் போயிற்று. மிஞ்சியது எந்த விடுதிக்கும் எந்த வருடத்திலும் எழுதக்கூடிய ஒரு வாக்கியம்.

ஆய்வு நடந்த அன்று இரவு தணிக்கையாளர் சொல்லி அந்தச் சோற்றைக் கொட்டிவிட்டார்கள். ஆனால் பழக்கம் போகவில்லை. தாளில் 30 நாள் இருக்கிறதே! மூன்றாவது வாரம், ஒரு காலை, சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். தென்காசி வரை ஆட்டோவிலும் வேனிலும் ஓட்டம். நல்லவேளை, எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் தலைவரிடம் பெற்றோர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலில்லை. "மூணு வாரம் முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்காங்களே சார், நீங்க படிக்கலையா?"

அவர் படித்தார். அவருக்குக் கொடுத்த தாளில் அது இல்லை.

"சோறுதானே, காலையில் சூடு பண்ணித்தானே கொடுக்கிறார்கள்" என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் தவறு. பழைய சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் வடிக்கும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடுகின்றன. வாந்தியை வரவைக்கும் அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. தாளித்துக் கிளறினாலும் அப்படியே இருக்கும். வாசனையில் தெரியாது, ருசியிலும் தெரியாது.

அதனால்தான் சமைத்த உணவைப் பத்திரப்படுத்தும் விதி அவ்வளவு கறாராக இருக்கிறது. சூடாகப் பரிமாற வைத்திருக்கும் சைவ உணவு 65 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைக்கப்போவதென்றால் 60 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து இன்னொரு இரண்டு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு. மூடிய அண்டாவில் 15 கிலோ சோறு அப்படி ஆறுமா? ஆறவே ஆறாது. மேலே தொட்டால் ஆறியது போலிருக்கும், நடுவில் கிருமிக்குப் பிடித்த சூடு மணிக்கணக்கில் நிற்கும். அகலத் தட்டில் இரண்டு மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினால்தான் ஆறும்.

இப்போது அந்த 92க்கு வருவோம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதாவது எஃப்எஸ்எஸ்ஏஐ, கேட்டரிங் சமையலறைகளுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வைத்திருக்கிறது. மொத்தம் 114 மதிப்பெண். 100 முதல் 114 வரை என்றால் முன்மாதிரி, 91 முதல் 99 வரை திருப்திகரம், 80 முதல் 90 வரை மேம்பாடு தேவை, 80க்குக் கீழே இணக்கமில்லை. தனியார் தணிக்கையாளர்களும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகிறார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது, அதே தாளில் சில கேள்விகளுக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறி. நட்சத்திரம் போட்ட கேள்வி ஒன்றில் தவறினாலே போதும், மொத்த இடமும் இணக்கமில்லாதது என்று ஆகலாம். மதிப்பெண் எத்தனை வாங்கினாலும் சரி. சமையலுக்குப் பயன்படும் தண்ணீர் குடிநீர்த் தரத்தில் இருக்கிறதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துப் பதிவு வைத்திருக்கிறார்களா என்பது அப்படிப்பட்ட ஒரு கேள்வி.

நான் சொன்ன விடுதியில் கடைசித் தண்ணீர்ச் சோதனை நடந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. குளோரின் பதிவேடு காலி. சுருக்கத்தில் அது "ஆவணங்கள் புதுப்பிக்கப்பட வேண்டும்" என்ற தலைப்பின் கீழ், தீயணைப்பான் சீட்டோடு சேர்ந்து கிடந்தது. நம் பக்கம் சாரல் காலத்தில் ஓடையும் கிணறும் எப்படிக் கலங்கும் என்று உங்களுக்கே தெரியும். மலையில் பெய்த மழை மண்ணையும் சாணத்தையும் அடித்துக்கொண்டு வரும் நாட்களில் தண்ணீர்ச் சோதனை இல்லாததை ஆவணக் குறை என்று எழுதலாமா?

எழுதவே கூடாது!

இது எங்கோ ஒரு விடுதியில் மட்டும் நடக்கிற கதை என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்களுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். விடுதிச் சாப்பாட்டில் 250க்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள், 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல், இறந்துவிட்டார்கள் என்ற வதந்தியும் பரவி, ஆயிரக்கணக்கான பெண்கள் டிசம்பர் 17 இரவு சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐபோன் தயாராகும் ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனமே ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மறுபடி திறந்தது 2022 ஜனவரி 12இல்.

அந்த விடுதிச் சமையலறையை மூடிய உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் என்ன பார்த்தார்கள் தெரியுமா? எலிகள், சரியில்லாத வடிகால். இவ்வளவுதான்.

இந்த இரண்டையும் உங்கள் அறிக்கையில் தேடிப் பாருங்கள். "வடிகால் மூடி உடைந்துள்ளது" என்று எங்காவது இருக்கும். சுருக்குகிறவர் அதைக் கண்டதும் சிவில் வேலை என்று ஒதுக்கிவிடுவார். கொத்தனார் வரட்டும், மதிப்பீடு போடட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம். அதே அறிக்கையின் இன்னொரு பக்கத்தில் "அரிசி மூட்டைக்குப் பின்னால் எலிப் புழுக்கை" என்று இருக்கும். அது பூச்சிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தக்காரர் தலையில். இரண்டும் வெவ்வேறு பக்கம், வெவ்வேறு ஆள், வெவ்வேறு தேதி. ஆனால் எலி வருவதே அந்த மூடி வழியாகத்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். தனித்தனியாகச் சுருக்கினால் இரண்டுமே சில்லறைக் குறைகள். மூடியை விட்டுவிட்டு எலிப்பொறி மட்டும் வைத்தால் பொறிக்கு வேலை முடியவே முடியாது.

ஆகவே தீவிரத்தைக் குறையின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு குறைக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்.

இது வாய்க்குள் போகும் பொருளைத் தொடுகிறதா? உணவு, தண்ணீர், பாத்திரம், கை.

தொட்டால், அதற்குப் பிறகு அதைச் சரிசெய்யும் படி ஏதாவது இருக்கிறதா? பச்சை வெங்காயத்தைக் கழுவாத பலகையில் நறுக்கி சாம்பாரில் போட்டால் கொதி இருக்கிறது. அதே பலகையில் நறுக்கித் தயிர்ப் பச்சடியில் போட்டால் ஒன்றுமே இல்லை. சட்னி, தயிர், குடிக்கும் தண்ணீர், ஆறிய சோறு, இவற்றுக்குப் பின்னால் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள்.

மூன்றாவது, இது போன முறையும் இருந்ததா? இதற்குப் பழைய அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். அலுப்பான வேலைதான். செய்துதான் ஆக வேண்டும். திரும்பி வந்த குறையை ஒரு படி மேலே ஏற்றுங்கள். போன முறை கொடுத்த தேதி பொய்யாகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதுக்கு இல்லை என்று பதில் வந்தால் அது மிகக் கடுமையானது. இன்றே நிறுத்த வேண்டியது. உணவைத் தொடும், ஆனால் பின்னால் ஒரு தடுப்பு இருக்கிறது என்றால் கடுமையானது. உணவைத் தொடவே இல்லை என்றால் மட்டும்தான் சாதாரணம். சந்தேகமாக இருக்கிறதா? மேலேயே வையுங்கள். குறைப்பதென்றால் தலைவர் குறைக்கட்டும், நீங்கள் குறைக்காதீர்கள்.

இதை வைத்து அந்த விடுதி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 23 குறைகளில் மிகக் கடுமையானவை நான்கு. ஆறாத சோறு. சோதிக்காத தண்ணீர். சீழ் பிடித்த விரலோடு தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்த உதவியாளர். எலிப் புழுக்கையும் உடைந்த வடிகால் மூடியும் சேர்ந்து ஒன்று. சமையலறை ஊழியர்கள் எட்டுப் பேரில் மூன்று பேருக்கு வருடாந்திர மருத்துவச் சான்று காலாவதியாகியிருந்தது கடுமையானது. உரிமச் சான்றின் நகல் சுவரில் மாட்டவில்லை என்பது சாதாரணம். (நகல் மாட்டாததும் உரிமமே காலாவதியானதும் ஒன்றல்ல, கவனம். இரண்டையும் "உரிமம் தொடர்பானது" என்று ஒரே வரியில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.) மற்றவை சுவர்ப் பூச்சு, கையெழுத்தில்லாத பதிவேடு, அணைந்த விளக்கு.

நான்கே வரி. தலைவர் அந்த நான்கைப் படித்திருந்தால் போதும். 23 என்ற எண் அவருக்கு எதையும் சொல்லவில்லை.

அடுத்தது தேதி. இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள்.

"14 நாள் அவகாசம் இருக்கே" என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் மேம்பாட்டு நோட்டீஸ் பற்றி இருக்கிறது. குறையைச் சரிசெய்ய அதிகாரி கொடுக்கும் கால அளவு 14 நாளுக்குக் குறையக்கூடாது என்கிறது அது. அதற்குள் செய்யாவிட்டால் உரிமம் நிறுத்திவைக்கப்படும், பிறகு ரத்தாகும். அந்த 14 நாள் உரிமத்தைப் பிடுங்குவதற்கு முன் தொழில் நடத்துகிறவருக்குத் தரப்படும் நியாயமான அவகாசம். கெட்டுப்போன சோற்றைப் பதினான்கு நாள் பரிமாறலாம் என்ற அனுமதி அல்ல! உடனடி ஆபத்து என்றால் அங்கேயே தடுக்க, 34ஆம் பிரிவில் அவசரத் தடை நோட்டீஸ் தனியாக இருக்கிறது. சட்டமே இரண்டு கடிகாரம் வைத்திருக்கிறது. உங்கள் தாளில் மட்டும் ஏன் ஒரே தேதி?

மிகக் கடுமையான ஒவ்வொன்றுக்கும் மூன்று தேதி எழுதுங்கள். இன்று எப்படித் தடுக்கிறோம், எப்போது நிரந்தரமாகச் சரியாகும், சரியானதை யார் எப்போது நேரில் பார்ப்பார். தண்ணீரை எடுத்துக்கொள்வோம்.

ஆய்வு ஜூன் 3 இரவு. அன்றைக்கே குழாய்த் தண்ணீரில் குளோரின் சோதனைப் பெட்டியால் பார்க்க வேண்டும். கடைக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரம். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், அங்கே எப்போதும் நன்றாகத்தான் காட்டும். குளோரின் இல்லையென்றால் ஜூன் 4 காலையிலிருந்து குடிக்கவும் சட்னி அரைக்கவும் கொதித்த தண்ணீர்தான். இது முதல் தேதி, தடுப்பு.

ஜூன் 5க்குள் மேல்நிலைத் தொட்டியும் கீழ்த்தொட்டியும் கழுவிக் குளோரின் போட வேண்டும். கழுவிய பிறகு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கழுவுவதற்கு முன்பும் ஒரு மாதிரி எடுத்து வைத்தால் எவ்வளவு நாளாக என்ன குடித்தார்கள் என்பதும் தெரிய வரும். பலர் அதைத் தவிர்க்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. கிருமிச் சோதனை முடிய சில நாள் பிடிக்கும், அவசரப்படுத்தினாலும் கிருமி வளர எடுக்கும் நேரம் குறையாது. ஆகவே நிரந்தரத் தேதி ஜூன் 12 என்று வைக்கலாம். அறிக்கை கைக்கு வந்து, கோலிபார்ம் இல்லை என்று படித்த பிறகுதான் கொதித்த தண்ணீரை நிறுத்தலாம்.

மூன்றாவது தேதி ஜூன் 19. கேன்டீன் ஒப்பந்தக்காரரைச் சேராத ஒருவர் போய், அன்றைய குளோரின் அளவைத் தானே எடுத்து, பதிவேட்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிட வேண்டும். பதிவேட்டில் தினமும் ஒரே எண், ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் அது ஒரே உட்காரலில் எழுதியது.

இன்னொரு விஷயம், நாள் எண்ணத் தொடங்குவது எங்கிருந்து? அந்த விடுதியில் ஆய்வு ஜூன் 3. அறிக்கை மின்னஞ்சலில் வந்தது 9. சுருக்கம் தயாரானது 12. தலைவர் கையெழுத்து 16. "30 நாள்" என்பதைக் கையெழுத்திலிருந்து எண்ணினார்கள். ஆபத்து மட்டும் ஜூன் 3இலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வு நாளிலிருந்து எண்ணுங்கள். "30 நாளில்" என்று எழுதாதீர்கள், காலண்டர் தேதியை எழுதுங்கள். அரசு நோட்டீஸ் வந்திருந்தால் அதில் போட்ட கெடு தனி வரியில், சிவப்பு மையில் இருக்கட்டும்.

சரி, உங்கள் கைக்கு ஏற்கெனவே ஒரு சுருக்கத் தாள் வந்திருக்கிறது, அது நம்பத்தக்கதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மூல அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

மதிப்பெண் முதல் வரியில் இருக்கிறது, நட்சத்திரக் கேள்விகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

எல்லாக் குறைக்கும் ஒரே தேதி. வடிகால் மூடியும் சீழ் பிடித்த விரலும் ஒரே நாளில் சரியாகுமாம்!

"மேம்படுத்தப்படும்", "கவனிக்கப்படும்", "அறிவுறுத்தப்பட்டது". யாருக்கு அறிவுறுத்தினார்கள்? அவர் என்ன செய்தார்? இந்தச் சொற்கள் வரும் இடத்தில் ஒரு எண்ணோ ஒரு உணவின் பெயரோ காணாமல் போயிருக்கும். மூலத்தில் தேடினால் கிடைக்கும்.

பொறுப்பு என்ற கட்டத்தில் "ஒப்பந்தக்காரர்" என்று மட்டும் இருக்கிறது. ஒப்பந்தக்காரருக்கு மேற்பார்வையாளர் இருப்பார், அவருக்கு ஷிப்ட் மாறும். ஆள் பெயர் இல்லாத தேதியை யாரும் தன் தேதியாக நினைப்பதில்லை.

ஆய்வு நடந்த நேரம் குறிப்பிடப்படவில்லை. இதை யாருமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ள வேண்டும். காலை பதினொரு மணிக்குப் பார்க்கும் சமையலறையும் இரவு ஒன்பது மணிக்குப் பார்க்கும் சமையலறையும் ஒன்றல்ல. பகலில் மீதச் சோறு இருக்காது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்த ஆய்வென்றால் அதையும் தாளில் எழுதுங்கள். "எலி இல்லை" என்ற ஒரு வரி, பகல் ஆய்வில் ஒரு பொருளும் இரவு ஆய்வில் வேறு பொருளும் தரும்.

"இடத்திலேயே சரிசெய்யப்பட்டது, முடிந்தது." இதுதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. அந்த விடுதியிலும் அப்படித்தான், அண்டாச் சோற்றை அன்றிரவே கொட்டினார்கள். கொட்டியது நிஜம். அதனால் அந்தக் குறை அதோடு முடிந்தது என்று எண்ணிக்கொண்டார்கள். கொட்டியது ஒரு அண்டாவை. மதியமே இரவுக்கும் காலைக்கும் சேர்த்து வடிக்கும் வழக்கம் அப்படியே இருந்தது, குளிர்பெட்டியில் இடமில்லை என்ற காரணமும் அப்படியே இருந்தது. அவர்கள் தாளில் எழுதியிருக்க வேண்டியது இப்படி: "இன்று: மீதச் சோறு மறுநாள் பரிமாறுவது தடை, இரவு மேற்பார்வையாளர் ஒன்பது மணிக்குப் பார்த்துக் கையெழுத்து. ஜூன் 10: இரவுக்குத் தனியாக அரிசி போடும் அளவுக் கணக்கு, அகலத் தட்டு ஆறு, நடுப்பகுதி வெப்பமானி ஒன்று. ஜூன் 17: சொல்லாமல் இரவு ஆய்வு." மூன்று வரிதான். அகலத் தட்டும் வெப்பமானியும் வாங்கப் பெரிய பணம்கூட ஆகாது.

தாளின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மிகக் கடுமையானவை மேலே, தனியாக. ஒவ்வொன்றுக்கும் மூல அறிக்கையின் பக்க எண். தணிக்கையாளர் எழுதிய வாக்கியம் அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல். அதன் கீழே உங்கள் சொல்லில் தீவிரத்துக்கான காரணம் ஒரு வரி. மூன்று தேதி, மூன்று ஆள் பெயர். கடுமையானவற்றுக்கு இரண்டு தேதி போதும். சாதாரணமானவற்றை எண்ணிக்கையாக மட்டும் சொல்லிவிட்டு இணைப்பில் வையுங்கள். மதிப்பெண் கடைசி வரியில் போகட்டும். முதல் வரியில் வைத்தால் கீழே யாரும் படிக்கமாட்டார்கள்.

மேலதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குகிறீர்கள் என்று தெரியும். "இவ்வளவு பெரிசா எழுதணுமா? ஒப்பந்தக்காரர் நம்ம ஆள்தானே?" என்று கேட்பார்கள். கேட்டால் சட்டப் பிரிவைக் காட்டுங்கள். சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரித்தால் 56ஆம் பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதிகாரியின் உத்தரவைக் காரணமில்லாமல் கடைப்பிடிக்காவிட்டால் 55ஆம் பிரிவில் இரண்டு லட்சம் வரை. உணவால் உயிர் போனால் 65ஆம் பிரிவில் குறைந்தது ஐந்து லட்சம் இழப்பீடு. இதையெல்லாம்விட, முன்பே எழுத்தில் எச்சரிக்கை வந்திருந்தது என்ற ஒரு தாள் வெளியே வந்தால் "தெரியாது" என்று சொல்ல யாருக்கும் வாயிருக்காது. தலைவரைக் காப்பாற்றுவதும் அந்த முழு வரிதான்.

ஒப்பந்தக்காரர் வேலை முடிந்தது என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். படத்தில் தேதியும் இடமும் தெரிகிறதா பாருங்கள். வடிகால் மூடிக்குப் படம் போதும். மருத்துவச் சான்றுக்கு நகல் வேண்டும், அதில் மருத்துவர் பதிவு எண் இருக்க வேண்டும். வெப்பநிலைக்கும் தண்ணீருக்கும் படம் ஒருபோதும் போதாது, ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும். போகும்போது சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் போய், மூடியிருக்கும் ஒவ்வொரு அண்டாவையும் திறந்து பாருங்கள்.